போட்டோல அழிக்கிற வேலை: அசல் ஒண்ணு, வேலை காப்பி ஒண்ணு, எந்த கோளாறுக்கு எங்க பாக்கணும்

பழைய போட்டோல புள்ளி, மடிப்பு, கம்பி, தேவையில்லாத ஆளுன்னு எடுக்கிற வேலை ஒரே தடவையில முடியாது, இன்னைக்கு புள்ளிய எடுத்துக் கொடுத்தா அடுத்த வாரம் வந்து பின்னாடி இருக்கிற கொடிக்கயிறையும் எடுங்கம்பாங்க, அடுத்த மாசம் எடுத்தத திரும்ப போடுங்கம்பாங்க. பினாங்குல இந்த ஈரத்துக்கு பிரேமுக்குள்ள இருக்கிற படத்துல பூஞ்சை பிடிக்காத வீடே இல்ல, அதனால இந்த வேலை நிறைய வருது. வர்ற கோளாறுல பாதிக்கு மேல ஒரே இடத்துலதான் போய் நிக்கும், அசல் எது, கை வச்ச காப்பி எதுன்னு பிரிக்காம ஒரே ஃபைல் மேல திரும்ப திரும்ப வேலை செஞ்சிருப்பாங்க.

ஒரு படத்த வச்சே சொல்றேன். பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அக்கா கொண்டு வந்தது, செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல லயத்துக்கு முன்னாடி குடும்பமா நின்னு எடுத்த கருப்பு வெள்ளை குரூப் போட்டோ, ஆறுக்கு எட்டு இஞ்ச். வானம் முழுக்க பூஞ்சைப் புள்ளி, நடுவுல ஒரு மடிப்பு, பின்னாடி துணி காயப்போடுற கயிறு, வலது ஓரத்துல யாருன்னு தெரியாத ஒரு ஆள். 600 டிபிஐல ஸ்கேன் பண்ணா 3600க்கு 4800 பிக்சல் வரும், கலர்ல டிஃப் ஃபைலா வச்சா கிட்டத்தட்ட 52 எம்பி. கருப்பு வெள்ளைதானேன்னு கிரே ஸ்கேன் எடுக்காதீங்க, மஞ்சள் கறை சிவப்பு சேனல்ல ரொம்ப கம்மியாத்தான் தெரியும், கலர் ஸ்கேன் கையில இருந்தா வேலை காப்பிய அந்த சேனல்ல இருந்தே ஆரம்பிக்கலாம், கறைல பாதி தானா போயிடும்.

ஃபோல்டர் இப்படித்தான் வைப்பேன்:

```
D:\FOTO\kumpulan01\ASAL\kumpulan01_asal.tif
D:\FOTO\kumpulan01\KERJA\kumpulan01_kerja.psd
D:\FOTO\kumpulan01\HANTAR\kumpulan01_v1.jpg
```

ASALல ஸ்கேனர்ல இருந்து வந்தது மட்டும், அதுல யாரும் கை வைக்கக்கூடாது, ரொட்டேட் கூட பண்ணக்கூடாது. KERJAல லேயரோட இருக்கிற வேலை ஃபைல். HANTARல ஆளுக்கு அனுப்புற ஜேபெக், இதத் திரும்பத் திறந்து வேலை செய்யவே கூடாது. இத மனசுல வச்சுக்கிட்டு கீழ படிங்க. போட்டோஷாப்ப வச்சுத்தான் சொல்றேன், கிம்ப்ல மாறுற இடத்த அங்கங்க சொல்லிடறேன்.

அழிச்ச இடம் மொழுமொழுன்னு மெழுகு மாதிரி தெரியுது, இல்ல ஒரே உருவம் ரெண்டு மூணு தடவை வருது

100 சதவீதத்துக்கு பெருசாக்கிப் பாருங்க. பழைய படத்துல வானம் வெறும் சாம்பல் கலர் இல்ல, பொடிப் பொடியா கிரெயின் இருக்கும். அழிச்ச இடத்துல அந்த கிரெயின் காணாம வழுவழுன்னு இருந்தா, ஏற்கனவே அழிச்ச இடத்துல இருந்தே திரும்ப எடுத்து ஒட்டியிருக்குன்னு அர்த்தம். ஹீலிங் பிரஷ் பக்கத்துல இருக்கிற பிக்சல எடுத்து கலந்து போடுது, மொதல் தடவை நல்ல வானத்துல இருந்து எடுக்கும், ரெண்டாவது தடவை அது போட்டதுல இருந்தே எடுக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் கிரெயின் கொஞ்சம் கொஞ்சமா கரையும். குளோன் ஸ்டாம்ப்ல வேற மாதிரி வரும், அதுல கிரெயின் போகாது, ஆனா ஒரே மேகத் துணுக்கு, ஒரே கூரைக் கறை பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை நிக்கும், கண்ணு அத உடனே பிடிச்சிடும்.

அந்த மெழுகு இடத்து மேலயே இன்னொரு தடவை தேய்ச்சு சரி பண்ண பாக்காதீங்க, இன்னும் மோசமாத்தான் போகும். அசல்ல இருந்து அந்த இடத்த மட்டும் திரும்பக் கொண்டு வரணும். அசல திறந்து, அந்த லேயர ஷிஃப்ட் கீய அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வேலை ஃபைல்ல இழுத்துப் போட்டா, ரெண்டும் ஒரே அளவா இருக்கிற வரைக்கும் அச்சா அதே இடத்துல உக்காரும். அதுக்கு முழு கருப்பு மாஸ்க் போட்டு, கெட்டுப்போன இடத்துல மட்டும் வெள்ளை பிரஷ்ல தடவுங்க, பழைய புள்ளியோட அசல் வானம் வெளிய வரும். இப்ப அதுக்கு மேல ஒரு காலி லேயர் போட்டு ஒரே சுத்துல புள்ளிய எடுங்க, பிரஷ் புள்ளிய விட ஒரு சுத்து பெருசா, அவ்வளவுதான்.

மொதல்ல இருந்தே காலி லேயர்ல செஞ்சா இந்த வம்பே வராது. ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் ரெண்டுக்கும் மேல பட்டைல Sampleனு இருக்கும், அத Current & Belowல வைங்க. ஸ்பாட் ஹீலிங்ல Sample All Layers டிக் பண்ணுங்க. கன்டென்ட் அவேர் ஃபில்ல Output To அப்படிங்கறத New Layer ஆக்குங்க. இப்ப நீங்க அழிச்சது எல்லாம் தனித் தாள்ல இருக்கும், கீழ இருக்கிற ஸ்கேன் அப்படியே கிடக்கும். கிம்ப்ல ஹீல் பண்றதுக்கு லேயர டூப்ளிகேட் பண்ணி அந்த டூப்ளிகேட்ல செய்யுங்க, குளோன் மட்டும்னா காலி லேயர் போட்டு Sample merged டிக் பண்ணா போதும்.

ஒவ்வொரு சுத்துக்கும் தனி லேயர், தனி பேரு. இந்த குரூப் போட்டோவுக்கு R1_kulat, R2_orang, R3_taliனு மூணு, பூஞ்சை, ஆளு, கயிறு. இந்தப் பேரு பின்னாடி எவ்வளவு உதவும்னு கீழ பாப்பீங்க.

புள்ளின்னு நெனச்சு எடுத்தது புள்ளி இல்ல

முகத்துலதான் இது நடக்கும். அந்த அக்கா கொண்டு வந்தப்ப ஸ்கேனோட இன்னொரு காப்பியும் வச்சிருந்தாங்க, முன்னாடி வேற எங்கயோ கொடுத்து சுத்தம் பண்ணது, பாக்க பளிச்சுன்னுதான் இருந்துச்சு. அவங்க போன்ல அத பெருசாக்கிக் காட்டி, "தம்பி, எங்க பாட்டிக்கு மூக்குத்தி எங்க?"னு கேட்டாங்க. வெளிச்சம் பட்டு வெள்ளையா ஒரு பொட்டு மாதிரி இருந்த மூக்குத்திய தூசின்னு நெனச்சு ஸ்பாட் ஹீலிங்ல ஒரு கிளிக்ல எடுத்திருக்காங்க, கன்னத்துல இருந்த மச்சமும் போச்சு. லேயரெல்லாம் ஒண்ணா ஒட்டிப்போன ஜேபெக் அது, அதுல இருந்து மூக்குத்திய கொண்டு வர வழியே கிடையாது, ஏன்னா அந்த பிக்சலே அங்க இல்ல.

லேயர்ல இருந்தா அரை நிமிஷ வேலை. R1_kulat லேயருக்கு மாஸ்க் போடுங்க, சின்ன கருப்பு பிரஷ், மூக்கு மேல ஒரு தொடு, மூக்குத்தி திரும்ப வரும். அழிப்பான்ல அந்த ஒட்ட அழிச்சாலும் வரும்தான், ஆனா மாஸ்க்தான் நல்லது, தப்பா தொட்டுட்டா வெள்ளை பிரஷ்ல திருப்பிக்கலாம்.

முகத்துல எது தூசி எது சொந்தம்னு சந்தேகம் வந்தா அசல பக்கத்துல தனி விண்டோவுல திறந்து வச்சுப் பாருங்க. பூஞ்சைப் புள்ளிக்கு ஓரம் பிசுறு பிசுறா இருக்கும், முகம் துணி சுவர்னு எது மேலயும் பாரபட்சம் இல்லாம ஓடும். மூக்குத்தி, பொட்டு, மச்சம் இதெல்லாம் வடிவம் தெளிவா இருக்கும், முகம் திரும்புன பக்கத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சமும் நிழலும் இருக்கும். அப்பவும் தெரியலன்னா தொடாம விட்டுட்டு வீட்டாள கேளுங்க, பெரியவங்க மொகத்துல நம்மளா முடிவெடுக்கிறது எனக்கு சரியாவே படல.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு அழிக்கிற இடமெல்லாம் திட்டுத் திட்டா கருப்பா இல்ல வெளுப்பா தெரியுது

மேல கர்வ்ஸ் இல்ல லெவல்ஸ் லேயர் ஒண்ணு போட்டிருப்பீங்க. Sample இப்ப All Layersல இருந்தா, கர்வ்ஸ் மாத்துன கலர எடுத்து கீழ ஒட்டுது, ஒட்டுனது மேல கர்வ்ஸ் இன்னொரு தடவை வேலை செய்யுது, அதனால ஒட்டுன இடத்துல மட்டும் ரெட்டிப்பு. கர்வ்ஸ் லேயரோட கண்ண ஒரு தடவை அணைச்சுப் பாருங்க, அணைச்ச பிறகும் திட்டு இருந்தா இதுதான் காரணம். அந்த திட்டுகள தூக்கிட்டு Current & Belowல வச்சு திரும்பச் செய்யணும், அழிக்கிற லேயர் எப்பவும் கர்வ்ஸுக்கு கீழ. ஸ்பாட் ஹீலிங்ல அந்த Current & Below கிடையாது, டிக் மட்டும்தான், அதனால அத எடுக்கும்போது மேல இருக்கிற கர்வ்ஸ அணைச்சு வச்சுட்டு வேலை செய்யுங்க.

கூரை ஓரம், எழுத்து ஓரம் எல்லாம் கட்டம் கட்டமா, கொசு மொய்ச்ச மாதிரி தெரியுது

300 சதவீதம் பெருசாக்கிப் பாருங்க. எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரமா தெரிஞ்சா ஜேபெக்க திறந்து, வேலை செஞ்சு, ஜேபெக்காவே சேவ் பண்ணி, மறுநாள் அதையே திறந்துன்னு சுத்து சுத்தா போயிருக்கு. ஜேபெக் படத்த எட்டுக்கு எட்டு கட்டமா வெட்டித்தான் அமுக்குது, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சத்த தூக்கிப் போடுது, அழிச்சு ஒட்டுன ஓரத்துல அது சீக்கிரம் தெரிஞ்சிடும்.

சில பேர் ஜேபெக்க காப்பி பண்ணாலே தரம் குறையும்னு நெனச்சு பயப்படறாங்க, அப்படி இல்ல. ஃபைல காப்பி பண்றது, வேற டிரைவுக்கு மாத்துறது, திறந்து சும்மா பாக்குறது எதுலயும் ஒரு பிக்சல் கூட மாறாது. திறந்து வச்ச படத்த மூடாம அஞ்சு தடவை சேவ் அழுத்தினாலும் மெமரில இருக்கிற படம் அப்படியேதான் இருக்கு, சேர்ந்து சேர்ந்து கெடாது. மூடிட்டு அந்த சேவ் ஆன ஜேபெக்கையே திரும்பத் திறந்து அடுத்த வேலைய ஆரம்பிக்கிறதுதான் கெடுக்குது. அதனாலதான் HANTARல இருக்கிறத திறக்கக்கூடாதுன்னு சொன்னேன். திருத்தம் கேட்டா KERJAல இருக்கிற பிஎஸ்டில திருத்தி புதுசா v2னு ஜேபெக் எடுங்க.

கிம்ப்ல சேவ் அழுத்தினா எக்ஸ்சிஎஃப்தான் ஆகும், நல்ல பழக்கம் அது. ஆனா File மெனுல ஜேபெக் பேரோட Overwriteனு ஒரு வரி வரும், அத அழுத்தினா திறந்த ஃபைல் மேலயே எழுதிடும், கைய அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, Export Asல புதுப் பேரு கொடுங்க.

எது அசல்னே தெரியல

final, final2, betulfinalனு ஃபோல்டர் நெறைய ஒரே படம். தேதிய மட்டும் நம்பாதீங்க, காப்பி பண்ணும்போதும் வேற சாஃப்ட்வேர் தொடும்போதும் தேதி மாறிடும். பேரு IMG-20240211-WA0007 மாதிரி இருந்தா அது வாட்ஸ்அப்ல போட்டோவா வந்தது, அளவு சுருங்கி வந்திருக்கும், அது அசலா இருக்க வாய்ப்பே இல்ல, அனுப்புனவங்கள டாக்குமென்ட்டா திரும்ப அனுப்பச் சொல்லுங்க, அப்படி வந்தா ஃபைல் மாறாம வரும்.

ரெண்டு ஃபைல் ஒண்ணுதானான்னு பாக்க விண்டோஸ்ல இது:

```
certutil -hashfile kumpulan01_asal.tif SHA256
```

ரெண்டுக்கும் ஒரே நீள எண் வந்தா ஒரே ஃபைல். ஸ்கேன் பண்ண அன்னைக்கே இந்த எண்ண ஒரு நோட்பேட் ஃபைல்ல போட்டு ASALல வச்சிடுங்க, ஒரு வருஷம் கழிச்சும் அசல் கலையலன்னு ஆதாரம் கையில இருக்கும். எண் மாறினா படம் கட்டாயம் மாறிடுச்சுன்னு இல்ல, யாராச்சும் பிராப்பர்டீஸ்ல டேக், டைட்டில் சேத்தாலே எண் மாறிடும். படத்துலயே மாத்தம் இருக்கான்னு பாக்க ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு லேயரா வச்சு மேல இருக்கிறதோட மோட Difference ஆக்குங்க. ஒரே மாதிரி இருக்கிற இடம் முழு கருப்பு, கை வச்ச இடம் மட்டும் வெளுப்பா மின்னும். மங்கலா இருந்தா மேல ஒரு லெவல்ஸ் போட்டு வெள்ளை முனைய 255ல இருந்து 20 பக்கம் இழுங்க. அந்தப் பாட்டி படத்துல இப்படிப் போட்டப்ப வானத்துல இருக்கிற புள்ளியெல்லாம் நட்சத்திரமா வந்துச்சு, மூக்குத்தி இருந்த இடத்துலயும் ஒண்ணு. ஒவ்வொரு வேலையையும் அனுப்புறதுக்கு முன்னாடி நான் இத ஒரு தடவை போட்டுப் பாத்துடுவேன், தொடக்கூடாத இடத்துல ஏதாச்சும் மின்னுதான்னு.

அசல் ஃபோல்டர பூட்டி வைக்க:

```
attrib +R D:\FOTO\kumpulan01\ASAL\*.*
```

இது தெரியாம மேல சேவ் ஆகாம தடுக்கும். யாராச்சும் வேணும்னே டிலீட் பண்ணா இது காப்பாத்தாது, அதுக்கு வெளி ஹார்ட்டிஸ்க்ல இன்னொரு ASAL வேணும்.

அசல மேல போட்டா வேலை காப்பியோட உக்கார மாட்டேங்குது

நடுவுல யாரோ கிராப் பண்ணிட்டாங்க, இல்ல நேர் பண்றேன்னு திருப்பிட்டாங்க. போட்டோஷாப் கிராப்ல Delete Cropped Pixels டிக் எடுத்துட்டா வெட்டுனது மறைஞ்சுதான் இருக்கும். எனக்குப் பிடிச்ச வழி, KERJAல கிராப்பே கிடையாது, HANTARக்கு எடுக்கும்போதுதான் வெட்டுறது, அப்பதான் அசலும் வேலையும் எப்பவும் ஒரே 3600க்கு 4800.

அந்த ஆள திரும்ப போடுங்க

இதுதான் இந்தப் படத்துல வந்துச்சு. மூணாவது சுத்து முடிஞ்சு ஓரத்து ஆளும் கயிறும் போய் படம் அனுப்பிட்டேன், வீட்டுல ஒரு பெரியவர் பாத்துட்டு அவரு நம்ம தாத்தாவோட அண்ணன்டா, அவர ஏன் எடுத்தீங்கன்னு கேட்டிருக்காரு. அக்கா போன் பண்ணி, "தம்பி, அவர திரும்பக் கொண்டாந்துடலாமா, கயிறு மட்டும் வேணாம்" அப்படின்னாங்க.

R2_orang லேயர அணைச்சா ஆளு வந்துட்டாரு, R1ல அவரு சட்டை மேல இருந்த பூஞ்சையும் முன்னாடியே எடுத்திருந்ததால சுத்தமாவே வந்தாரு. ஆனா தோள்ல ஒரு துண்டு இல்ல, அந்த இடத்துல பலகைச் சுவர் தெரியுது. காரணம் R3. அவர எடுத்த பிறகு கயிற அழிச்சதால, அவரு தோள் இருந்த இடத்துல ஓடுன கயிறு மேல சுவர ஒட்டியிருக்கு, R3 எல்லாத்துக்கும் மேல இருக்கு, அதனால ஆளு திரும்பி வந்தாலும் அந்த ஒட்டு அவரு தோள மூடிக்கிட்டு நிக்குது. R3க்கு மாஸ்க் போட்டு தோள் அளவுக்கு மட்டும் கருப்பு தடவினா போதும், தோள் முழுசாச்சு. அவரு காதுக்குப் பக்கத்துல கயிறு ஒரு விரக்கடை திரும்ப எட்டிப் பாத்துச்சு, அது R2லயே ஆளோட சேர்ந்து மறைஞ்சு போயிருந்த துண்டு, அத மட்டும் R4னு புது லேயர்ல எடுத்தேன்.

லேயர்ல வேலை செஞ்சாலும் இந்த எல்லை உண்டு, மேல இருக்கிற லேயர் கீழ இருந்தத பாத்து வாங்கிக்கிட்டதுதான், கீழ ஒண்ண அணைச்சா மேல இருக்கிறது தானா மாறாது. அதனால ஒரு சுத்த திருப்பும்போது அதுக்கு மேல இருக்கிற லேயரெல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சு ஏத்தி அந்த இடத்துல என்ன ஆகுதுன்னு பாத்துடுங்க.

ஏற்கனவே அசல் மேல சேவ் ஆகிடுச்சு

போட்டோஷாப் இன்னும் மூடலன்னா மூடாதீங்க, ஹிஸ்டரில மேல போய் திறந்த நிலைக்கு வந்து வேற பேர்ல சேவ் பண்ணுங்க, மூடிட்டா ஹிஸ்டரி போயிடும். ஃபோல்டர் கூகுள் டிரைவ்ல இருந்துச்சுன்னா பழைய வெர்ஷன் கிடைக்கலாம், Manage versionsல பாருங்க, 30 நாள் இல்ல 100 வெர்ஷன் வரைக்கும்தான் வச்சிருக்கும், அதனால அன்னைக்கே பாருங்க. டிரைவ்ல சிங்க் ஆகுதுன்னா பேக்கப் இருக்குன்னு அர்த்தம் இல்ல, நீங்க மேல எழுதினா அதுவும் கூடவே மேல எழுதும். போன் கேலரில திருத்தினதுன்னா அதே போன்ல எடிட்டுக்குள்ள போய் Revert இருக்கான்னு பாருங்க, சாம்சங் ஐபோன் ரெண்டுலயும் இருக்கு, ஆனா வேற ஆளுக்கு அனுப்புன காப்பில அது வராது.

எதுவும் இல்லன்னா பேப்பர் படத்த திரும்ப ஸ்கேன் பண்றதுதான் வழி. புது ஸ்கேன் பழைய வேலையோட அச்சா ஒட்டாது, கண்ணாடி மேல பேப்பர் ஒரு நூல் சாய்ஞ்சிருந்தாலே போதும். ரெண்டையும் லேயரா வச்சு Edit மெனுல Auto-Align Layers ஓட்டுங்க, அப்புறம் Differenceல வச்சு முகத்து ஓரம், லயத்துக் கதவு ஓரம் கருப்பாகுதான்னு பாருங்க. ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் நகர்ந்து நின்னா வானத்துக்கு பரவால்ல, முகத்துக்கு ஆகாது, முகத்த புது ஸ்கேன்ல இருந்தே முழுசா எடுத்து புதுசாத்தான் சுத்தம் பண்ணணும்.